செங்குத்தான தெருவுக்கு ஒரு சதவீதச் சண்டை

வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கடற்கரையோரம் ஹார்லெக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு கட்டிய கோட்டைதான் அந்த ஊரின் அடையாளம். கோட்டைப் பாறையை ஒட்டி, வீடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஒரு குறுகலான தெருவுக்கு ஃபோர்த் பென் ஹ்லெக் என்று பெயர். 2019 ஜூலையில் அந்தத் தெரு திடீரென்று உலகச் செய்தி ஆனது. உலகின் மிகச் செங்குத்தான தெரு இதுதான், சரிவு 37.45 சதவீதம் என்று கின்னஸ் அறிவித்தது. அதுவரை அந்தப் பட்டத்தை வைத்திருந்தது நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் உள்ள பால்ட்வின் தெரு. அதன் சரிவு ஏறக்குறைய 35 சதவீதம்.

ஹார்லெக் கொண்டாடியது, டனீடின் முகம் சுளித்தது. ஒன்பது மாதம் கழித்து, 2020 ஏப்ரலில், பட்டம் பால்ட்வின் தெருவுக்கே திரும்பிப் போனது. இடைப்பட்ட காலத்தில் எந்தத் தெருவையும் யாரும் வெட்டவும் இல்லை, மேடாக்கவும் இல்லை. மாறியது அளக்கும் விதம் மட்டும்தான்.

இந்தச் சண்டையின் சுவை புரிய வேண்டுமானால், முதலில் அந்த 35 என்ற எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பலர் அதை 35 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயணக் கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் '35 டிகிரி சரிவில் ஒரு தெரு' என்று தயங்காமல் எழுதியும் பேசியும் விடுகிறார்கள். உண்மையில் பால்ட்வின் தெருவின் மிகச் செங்குத்தான பகுதியின் கோணம் 19 டிகிரியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். 35 டிகிரி எப்படியிருக்கும் என்று பார்க்க நியூசிலாந்து போக வேண்டாம். 7 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் கொண்ட படிகள் உள்ள வீட்டு மாடிப்படி ஏறக்குறைய சரியாக 35 டிகிரியில்தான் ஏறுகிறது. அந்தச் சாய்வில் படி வெட்டாமல் வெறும் கான்கிரீட்டைப் பூசி அதில் கார் ஓட்டச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சாலைச் சரிவின் சதவீதம் மிக எளிமையான கணக்கு. கிடைமட்டமாக 100 மீட்டர் தூரம் கடக்கும்போது சாலை எத்தனை மீட்டர் உயர்கிறதோ, அதுவே சதவீதம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயர்ந்தால் 8 சதவீதம். பால்ட்வின் தெருவில், கிடைமட்டமாக 10 மீட்டர் போவதற்குள் 3.48 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம்; ஆக 34.8 சதவீதம். இதில் கோணமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயரத்தைக் கிடைமட்ட நீளத்தால் வகுக்கிறோம். பள்ளிக்கூட முக்கோணவியலில் இந்த வகுத்தலுக்குத்தான் டேன்ஜென்ட் என்று பெயர். அதிலிருந்து கோணத்தைப் பெற, கால்குலேட்டரில் 0.348 என்று போட்டு tan⁻¹ பொத்தானை அழுத்தினால் 19.19 டிகிரி வந்துவிடும்.

குழப்பத்தின் வேர் 100 என்ற எண்ணில் இருக்கிறது. 100 சதவீதம் என்றால் 'முழுக்க' என்று மனம் பழகிவிட்டதால், 100 சதவீதச் சரிவு என்பது நட்டுக்குத்தாக நிற்கும் சுவர் என்றே தோன்றும். ஆனால் 100 மீட்டர் போய் 100 மீட்டர் உயர்ந்தால் கிடைப்பது 45 டிகிரி, நேர்ப்பாதி. சுவரின் சதவீதம் என்ன? அங்கே கிடைமட்டமாக நகரவே இல்லை; பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும். சதவீதக் கணக்கு அந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது. 45 டிகிரிக்கு 100, 60 டிகிரிக்கு 173, 80 டிகிரிக்கு 567, 89 டிகிரிக்கு 5,700-க்கும் மேல் என்று எகிறி, 90-ஐத் தொடுவதற்குள் எண்ணே தீர்ந்துபோகிறது.

100-க்கு மேல் சதவீதமா என்று சந்தேகப்படுபவர்கள் ஸ்விட்சர்லாந்தில் ஸ்டூஸ் என்ற மலையூருக்குப் போகும் கயிற்று ரயிலைப் பார்க்கலாம். 2017-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதி 110 சதவீதம். கோணமாகச் சொன்னால் 48 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. பயணிகள் சாய்ந்து விழாதபடி அதன் பெட்டிகள் உருளை வடிவில் செய்யப்பட்டு, சரிவுக்கு ஏற்ப சுழன்று தரையைச் சமமாக வைத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் கட்டூம்பாவின் சுற்றுலா ரயில்காரர்கள் தங்கள் பாதையின் சரிவை 52 டிகிரி என்று விளம்பரப்படுத்துகிறார்கள். '110' என்ற எண்ணையும் '52' என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஸ்விஸ் ரயில் இரண்டு மடங்கு செங்குத்து போலத் தெரியும். 52 டிகிரியைச் சதவீதமாக மாற்றினால் 128. அதாவது கட்டூம்பாவின் ரயில்தான் கூடுதல் செங்குத்து. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் முடிவே தலைகீழாகிவிடுகிறது.

அப்படியானால் சாலைப் பொறியாளர்கள் ஏன் டிகிரியை விட்டுவிட்டு இந்தச் சதவீதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? அவர்களுக்கு அதுதான் வசதி, அதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் வேலை நடக்கும் விதம். மொட்டைமாடியில் தண்ணீர் வடிய வாட்டம் விடும் கொத்தனார் எந்தக் காலத்திலும் 'அரை டிகிரி வாட்டம்' என்று சொன்னதில்லை. பத்தடிக்கு ஓர் அங்குலம் என்றுதான் சொல்வார், ரசமட்டத்தை வைத்து அப்படித்தான் சரிபார்ப்பார். சாலை போடுகிறவரும் அதையேதான் செய்கிறார். அடுத்த 40 மீட்டரில் மண் எவ்வளவு உயர வேண்டும் என்பது அவருடைய கேள்வி. 6 சதவீதம் என்று வரைபடம் சொன்னால் 2.4 மீட்டர் என்று மனக்கணக்கிலேயே வந்துவிடும். 3.43 டிகிரி என்று சொல்லியிருந்தால் அட்டவணையைத் தேட வேண்டும்.

இரண்டாவது காரணம் இழுவிசை. சரிவில் நிற்கும் வண்டியைப் புவியீர்ப்பு கீழ்நோக்கி எவ்வளவு இழுக்கிறது என்பதை, சாதாரணச் சாலைகளுக்குச் சதவீதமே நேரடியாகச் சொல்லிவிடுகிறது. 7 சதவீத இறக்கத்தில் 16 டன் லாரி இறங்குகிறது என்றால், அதன் எடையில் 7 சதவீதம், அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேலான பாரம் பின்னாலிருந்து ஓயாமல் தள்ளுவதற்குச் சமம். ஓட்டுநர் பிரேக்கிலும் கியரிலும் தாங்கிப் பிடிக்க வேண்டியது அந்தப் பாரத்தைத்தான். நீளமான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழப்பதும், 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதும் இதனால்தான். கறாராகச் சொன்னால் இழுவிசைக்கு டேன்ஜென்ட் அல்ல, சைன் தான் சரியான கணக்கு. ஆனால் 7 சதவீதத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாது. பால்ட்வின் தெருவில்தான் அது தெரியத் தொடங்கும். ஒரு டன் காரை 348 கிலோ இழுக்க வேண்டும் என்று சதவீதம் சொல்ல, உண்மையில் இழுப்பது 329 கிலோ.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பெரும்பாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. நான்கு சக்கரமும் பிரேக் பிடித்து நிற்கும் வண்டி வழுக்காமல் இருக்க எவ்வளவு உராய்வு வேண்டும் என்பதையும் இதே எண் சொல்கிறது, அதுவும் தோராயமாக அல்ல, துல்லியமாக. 35 சதவீதச் சரிவில் டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் கெழு குறைந்தது 0.35 இருக்க வேண்டும். காய்ந்த கான்கிரீட்டில் நல்ல டயருக்கு 0.7-க்குக் குறையாது, கவலையில்லை. ஈரத்தில் குறையும். பனிக்கட்டி உறைந்த சாலையில் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே 10 சதவீதச் சரிவிலேயே நிறுத்திய கார் தானாக வழுக்கிக்கொண்டு போகலாம். கைப்பிரேக் பின் சக்கரங்கள் இரண்டை மட்டும் பிடிக்கும் வண்டிகளில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

டனீடினில் குளிர்காலத்தில் உறைபனி விழும். பால்ட்வின் தெருவின் மேல்பகுதிக்கு மட்டும் தார் போடாமல் கான்கிரீட் போட்டிருப்பதற்குப் பிடிமானம் ஒரு காரணம். இன்னொரு காரணம் வேடிக்கையானது. வெயில் நாளில் தார் இளகி, அந்தச் சரிவில் மெல்லக் கீழே வழிய ஆரம்பித்துவிடும். இவ்வளவு தொல்லை பிடித்த இடத்தில் ஏன் தெரு போட்டார்கள் என்றால், யாரும் யோசித்துப் போடவில்லை என்பதே பதில். 19-ஆம் நூற்றாண்டில் குடியேற்ற நகரங்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெருக்களை வரைந்தவர்கள் காகிதத்தைப் பார்த்தார்களே தவிர, அதன் அடியில் இருந்த குன்றைப் பார்க்கவில்லை. ஒரு நேர்கோடு குன்றின் மேல் நேராக ஏறிவிட்டது.

திட்டமிட்டுப் போடும் மலைச்சாலைகள் இப்படி இருப்பதில்லை. இந்தியாவில் சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், செங்குத்தான மலைப் பகுதிகளில்கூட வழக்கமான ஏற்றம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லாத சிறு துண்டுகளுக்கு 8 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறது. அந்த 8 சதவீதத்தை டிகிரியில் சொன்னால் நான்கரையைச் சற்றே தாண்டும். மலைச்சாலையில் பஸ் முக்கி முனகி, கீழ் கியரில் உறுமிக்கொண்டு ஏறுகிறதே, அந்தப் பாட்டெல்லாம் ஐந்து டிகிரிக்குள் நடக்கும் பாட்டு என்று சொன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தவர் நம்ப மாட்டார்.

நம்பாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. மனிதக் கண் சரிவுகளை மிகையாகத்தான் பார்க்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் பிராஃபிட்டும் சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. குன்றுகளின் அடியில் ஆட்களை நிறுத்திச் சரிவு எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டார்கள். 5 டிகிரிக் குன்றை ஏறக்குறைய 20 என்றும், 10 டிகிரிக் குன்றை ஏறக்குறைய 30 என்றும் மதிப்பிட்டார்கள். அதே ஆட்களிடம், ஒரு பலகையின் மேல் கையை வைத்துச் சரிவுக்கு இணையாகச் சாய்க்கச் சொன்னபோது கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. கால் தடுமாறாமல் ஏறுவதற்கு உடம்புக்கு உண்மை தெரிகிறது. கண்ணும் வாயும்தான் பெருக்கிச் சொல்கின்றன. '35' என்ற எண்ணைக் கேட்டதும் டிகிரி என்று நம்பத் தோன்றுவதில் இதற்கும் பங்கு இருக்கும். பால்ட்வின் தெருவின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு 35 டிகிரி கொஞ்சமும் மிகையாகத் தெரியாது. 19 என்றால்தான் ஏமாற்றமாக இருக்கும்.

சதவீதம் வருவதற்கு முன்பு புழக்கத்தில் இருந்தது 'இத்தனைக்கு ஒன்று' என்ற முறை. பிரிட்டனில் பழைய சாலைப் பலகைகள் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. ரயில்வேயில் இன்றும் அதுவே வழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் நீலகிரி மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறும் பகுதியில் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1. சதவீதமாக 8.33, டிகிரியாக ஐந்துக்கும் குறைவு. ஆசியாவின் மிகச் செங்குத்தான ரயில்பாதையாகச் சொல்லப்படும் இதே 12-க்கு 1 தான், பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்காகக் கட்டும் சாய்தளத்துக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவும். ஒரே சரிவு ரயிலுக்குப் பயங்கரமாகவும் நாற்காலிக்குப் பரவாயில்லை என்றும் ஆவதற்குக் காரணம் மேலே சொன்ன உராய்வுதான். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்தின் பிடிப்பு, சாலையில் ரப்பர் டயரின் பிடிப்பில் பாதிகூடத் தேறாது. போதாக்குறைக்கு எஞ்சினின் எடை மட்டும்தான் பிடிமானம் தரும். பின்னால் உள்ள பெட்டிகள் வெறும் பாரம். அதனால்தான் அங்கே பற்சட்டமும் பல்சக்கரமும் தேவைப்பட்டன.

இந்த 'இத்தனைக்கு ஒன்று' முறையில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. இத்தனை என்பது கிடைமட்ட நீளமா, சரிவின் மேல் நடந்துபோகும் நீளமா? பால்ட்வின் தெருவின் மேல்பகுதியைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 161.2 மீட்டர் நீளத்தில் 47.22 மீட்டர் உயர்கிறது, ஆக சராசரி 3.41-க்கு 1 என்கிறார்கள். 161.2 மீட்டர் என்பது கிடைமட்ட நீளம் என்றால் சரிவு 29.3 சதவீதம். அதே 161.2 மீட்டர், டேப்பைச் சாலைமேல் விரித்து அளந்த நீளம் என்றால், கிடைமட்ட நீளம் பித்தாகரஸ் கணக்குப்படி 154.1 மீட்டராகச் சுருங்கும், சரிவு 30.6 சதவீதமாக ஏறும். ஒரே தெரு, ஒரே டேப், ஒன்றேகால் சதவீதம் வித்தியாசம். நெடுஞ்சாலைகளில் இந்தக் குழப்பத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. 10 சதவீதச் சரிவில் இரண்டு முறைக்கும் உள்ள இடைவெளி ஒரு சதவீதத்தில் இருபதில் ஒரு பங்குதான். உலகச் சாதனைக்குப் போட்டி போடும் தெருக்களில்தான் இது உறுத்தும்.

ஆனால் ஹார்லெக்கைக் கவிழ்த்தது இந்தப் பொறி அல்ல, வளைவு.

பால்ட்வின் தெரு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரானது. அதன் இடது ஓரத்தில் அளந்தாலும் வலது ஓரத்தில் அளந்தாலும் நடுவில் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடைதான். ஃபோர்த் பென் ஹ்லெக் அப்படியல்ல, கூர்மையாகத் திரும்புகிறது. திரும்பும் சாலையில் உள்ஓரத்தின் நீளம் குறைவு, வெளிஓரத்தின் நீளம் அதிகம். ஆனால் வளைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஏற வேண்டிய உயரம் இரண்டுக்கும் ஒன்றே. குறைந்த நீளத்தில் அதே உயரத்தை ஏறும் உள்ஓரம் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று காட்ட ஒரு கற்பனைச் சாலையை எடுத்துக்கொள்வோம். அகலம் 4 மீட்டர். நடுக்கோட்டின் ஆரம் 10 மீட்டர். சாலை செங்கோணத்தில் திரும்புகிறது, திரும்பி முடிவதற்குள் 4 மீட்டர் உயர்கிறது. நடுக்கோட்டின் கிடைமட்ட நீளம் 15.7 மீட்டர், அங்கே சரிவு 25.5 சதவீதம். உள்ஓரத்தின் ஆரம் 8 மீட்டர், நீளம் 12.6 மீட்டர், சரிவு 31.8 சதவீதம். வெளிஓரத்தில் நீளம் 18.8 மீட்டர், சரிவு 21.2 தான். ஒரே வளைவில் நின்றுகொண்டு 21 என்றும் சொல்லலாம், 32 என்றும் சொல்லலாம். இரண்டுமே பொய்யில்லை.

2019-இல் ஹார்லெக்குக்குப் பட்டம் வாங்கித் தந்த அளவு உள்ஓரத்தை ஒட்டி எடுக்கப்பட்டது. டனீடினைச் சேர்ந்த நில அளவையாளர் டோபி ஸ்டாஃப் இதைப் பிடித்துக்கொண்டார். பால்ட்வின், ஃபோர்த் பென் ஹ்லெக், இன்னும் சில தெருக்கள் ஆகியவற்றின் முப்பரிமாண வடிவத்தை ஆராய்ந்து, தெருவின் நடுக்கோட்டில் அளப்பதே நியாயம் என்று கின்னஸுக்கு முறையீடு அனுப்பினார். கின்னஸ் நிபுணர்களைக் கலந்து அதை ஏற்றுக்கொண்டது. நடுக்கோட்டில் அளந்தபோது ஹார்லெக் தெருவின் சரிவு 28.6 சதவீதத்துக்கு இறங்கியது. பால்ட்வின் தெரு 34.8-இல் நின்றது. டிகிரியில் பார்த்தால் ஹார்லெக் இருபதரையிலிருந்து 16-க்கு வந்துவிட்டது.

நடுக்கோடு என்று முடிவு செய்ததில் நியாயம் இருக்கிறது. வண்டி ஓடுவது சாலையின் உடம்பில், நடைபாதைக் கல்லின் விளிம்பில் அல்ல. இருந்தாலும் ஹார்லெக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த வளைவின் உள்ஓரத்தில் ஏறும் சைக்கிள்காரரின் தொடைக்குத் தெரிவது 28.6 அல்ல. பொறியாளர்களுக்கும் இது தெரியும். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் சரிவு 40-க்கு 1, அதாவது இரண்டரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய விதி சொல்கிறது. மற்ற இடத்தில் 6 சதவீதத்துக்கு இடம் கொடுத்துவிட்டு வளைவில் மட்டும் இவ்வளவு கறார் ஏன் என்றால், உள்ஓரத்தில் திரும்பும் வண்டி நடுக்கோட்டில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே ஏற வேண்டியிருக்கும். திரும்பும்போது சக்கரங்கள் தேய்த்து இழுப்பதும் சேர்ந்துகொள்ளும். விதி கடைப்பிடிக்கப்பட்ட வளைவில் பஸ் சற்று மூச்சுவிடுவதுபோலத் தெரிவதற்கு இதுவே காரணம்.

எந்தக் கோட்டில் அளப்பது என்பது தீர்ந்தாலும், எவ்வளவு தூரத்துக்கு அளப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பால்ட்வின் தெருவின் மொத்த நீளம் சுமார் 350 மீட்டர். அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவது சுமார் 70 மீட்டர். முழுத் தெருவுக்கும் சராசரி போட்டால் 20 சதவீதம்தான் வரும். மேல்பகுதிக்கு மட்டும் என்றால் 30-ஐ ஒட்டி வரும். கின்னஸ் கணக்கில் எடுத்தது மிகச் செங்குத்தான 10 மீட்டர் துண்டை, அதில்தான் 34.8. துண்டு சிறிதாகச் சிறிதாக எண் பெரிதாகும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் கேன்டன் அவென்யூ என்ற தெருவுக்கு 37 சதவீதம் என்று பெருமை பேசுகிறார்கள். ஆனால் அந்தச் செங்குத்து நீடிப்பது சுமார் 21 அடிக்குத்தான், 10 மீட்டருக்கு எட்டாது. வேகத்தடையின் ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் எந்தச் சமவெளித் தெருவும் மலைச்சாலை ஆகிவிடும் என்பதால், குறைந்தபட்ச நீளம் என்று ஒன்றை வைத்தே ஆக வேண்டும். ஏதாவது ஒரு சாலையின் சரிவைப் பற்றி ஓர் எண் காதில் விழுந்தால், சராசரியா உச்சமா, எத்தனை மீட்டருக்கு என்று கேட்பது அதனால்தான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

வீட்டு வாசல் சாய்தளத்தையோ பக்கத்துத் தெரு ஏற்றத்தையோ அளக்க நில அளவையாளர் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தை எடுத்து, அதன் ஒரு முனையைச் சரிவின் மேட்டுப்பக்கத்தில் தரையில் ஊன்ற வேண்டும். சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்க வேண்டும். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியைச் செங்குத்தாக, சென்டிமீட்டரில் அளந்தால், அந்த எண்ணே சதவீதம். 12 சென்டிமீட்டர் என்றால் 12 சதவீதம். சட்டம் கிடைமட்டமாக இருப்பதால் சைனா டேன்ஜென்டா என்ற சச்சரவுக்கே இடமில்லை. சக்கர நாற்காலிச் சாய்தளமாக இருந்தால் இடைவெளி எட்டரை சென்டிமீட்டரைத் தொடக் கூடாது. ஓரிடத்தில் அளந்து விட்டுவிடாமல் நாலு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சாய்தளங்களில் பல, கடைசி ஒரு மீட்டரில் வந்து செங்குத்தாகிவிடுகின்றன. நாற்காலி முட்டி நிற்பது அங்கேதான்.

கைபேசியின் மட்டமானியை வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் டிகிரியில்தான் காட்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் டிரெட்மில் காட்டும் சாய்வு எண்ணோ பொதுவாகச் சதவீதம். அங்கே 15 வைத்து மூச்சு வாங்க ஓடுகிறவர் ஏறுவது எட்டரை டிகிரி ஏற்றத்தில். கைபேசி காட்டும் டிகிரியை ஒன்றே முக்காலால் பெருக்கினால் சாலைக்குத் தேவையான அளவுக்குச் சதவீதம் வந்துவிடும்: 4 டிகிரிக்கு 7, 10 டிகிரிக்கு பதினேழரை. 20 டிகிரியை நெருங்கும்போது இந்தக் குறுக்கு வழி உண்மையைவிடக் குறைத்துச் சொல்லத் தொடங்கும். பால்ட்வின் தெருவின் 19.19 டிகிரிக்கு அது தருவது 33.6, 30 டிகிரிக்கு ஐந்து சதவீதம் பிசகும். அந்த அளவுக்குச் செங்குத்தான இடத்தில் கைபேசியை எடுத்து அளக்க நேர்ந்தால், பெருக்கலை விட்டுவிட்டு tan பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.